ஆறாம் நாள் அயிலை

ஆறாம் நாள் மீன் நான்காம் நாள் மீனைவிடப் புதுசாக இருந்தது என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேனாம். ஐஸில் கிடக்கிற செத்த அயிலை நாள் போகப் போக உயிர் வந்து துள்ளுமா என்ன? எங்கள் திட்டத்துக்குப் பணம் கொடுக்கிற டில்லி அலுவலகத்திலிருந்து யாரோ ஒருவர் இதைக் கேட்டு அனுப்பியிருந்தார். கேட்டவரை நான் குறை சொல்ல மாட்டேன், கேட்க வேண்டிய கேள்விதான். என் வயிற்றெரிச்சல் எல்லாம், அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஈப்பன் சார் என்னைப் பார்த்த பார்வையில்தான்.

ஈப்பன் சார் எங்கள் திட்டத் தலைவர். அறிக்கையில் முதல் பெயர் அவருடையது, கடைசிப் பெயர் என்னுடையது. ஜெசிந்தா, வைப்பின் தீவுக்காரி, பதினோரு வருஷமாக இந்தக் கொச்சி மீன் ஆய்வகத்தில் ஒப்பந்த ஊழியர். ஒவ்வொரு மார்ச் முப்பத்தொன்றாம் தேதியும் என் வேலை செத்து ஏப்ரல் ஒன்றாம் தேதி மறுபடி பிறக்கும். கடிதம் வந்தது மார்ச் நான்காம் தேதி. இந்த வருஷம் பிறக்குமா பிறக்காதா என்பது அந்தக் கடிதத்துக்கு நாங்கள் என்ன பதில் சொல்கிறோம் என்பதில் இருந்தது.

நாங்கள் செய்த வேலை இதுதான். பிடித்த உடனே ஐஸில் போட்ட அயிலை எத்தனை நாள் தாங்கும்? மீன் கெட ஆரம்பித்தால் அமோனியா மாதிரி ஆவி கிளம்பும். மூக்கு சொல்வதற்கு முன்பே அதை அளந்துவிடலாம். நடுவில் ஒரு சிறு வட்டமும் சுற்றிலும் ஒரு பள்ளமுமாக ஒரு கண்ணாடித் தட்டு இருக்கிறது. மீனை அரைத்து வடித்த சாற்றைப் பள்ளத்தில் ஒரு மில்லி விட்டு, காரக் கரைசலும் ஒரு மில்லி சேர்த்து, மூடிக்கு வாஸ்லைன் தடவி அடைத்துவிட வேண்டும். நடுவட்டத்தில் போரிக் அமிலமும் நிறம் காட்டும் சாயமும் இளஞ்சிவப்பாக இருக்கும். ராத்திரி முழுக்க ஆவி கிளம்பி அதில் இறங்க, காலையில் பார்த்தால் பச்சையாகியிருக்கும். அந்தப் பச்சை மறுபடி சிவப்பாகிற வரை நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனை செலவாயிற்று என்று பார்த்து, அதை அமிலத்தின் வலுவால் பெருக்கினால் நூறு கிராம் மீனுக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும். முப்பதைத் தாண்டினால் அந்த மீனை விற்கக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். நவம்பர் எட்டாம் தேதி மீன் ஐஸுக்குப் போனது. அன்று ஒரு அளவு, பிறகு இரண்டு நாளைக்கு ஒரு அளவு, பன்னிரண்டாம் நாள் வரை.

அறிக்கையில் நாங்கள் கொடுத்த எண்கள் எனக்கு இன்றும் மனப்பாடம். நான்காம் நாள் பதினெட்டு புள்ளி இரண்டு. ஆறாம் நாள் பதினாறு புள்ளி எட்டு. அப்புறம் ஏறி ஏறி, பன்னிரண்டாம் நாள் இருபத்தொன்பது புள்ளி நான்கு. ஆகவே பன்னிரண்டு நாள் வரை பயமில்லை என்று முடித்திருந்தோம். நடுவில் விழுந்த அந்தச் சரிவை நானும் பார்த்தேன். மீனுக்கு மீன் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும் என்று ஈப்பன் சார் சொன்னார், நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு எனக்கு நானே ஒரு அறை விட்டிருக்க வேண்டும்.

டில்லிக்காரர் அதோடு விடவில்லை. ஆறாம் நாளின் தட்டுகளைப் பார்த்தது நவம்பர் பதினைந்து என்று அறிக்கை சொல்கிறதே, அன்று கேரளம் முழுக்க ஹர்த்தால் ஆயிற்றே, உங்கள் ஆய்வகம் திறந்திருந்ததா என்று கேட்டிருந்தார். ஈப்பன் சார் வாசல் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். பதினைந்தாம் தேதி காவலாளியின் கையெழுத்தைத் தவிர அதில் ஒரு ஈ காக்கையின் பெயரும் இல்லை.

“ஜெசிந்தா, அன்னிக்கு நீ வந்தியா, இல்ல எண்ணை நீயே போட்டுக்கிட்டியா?” என்றார் சார். சாதாரணமாகத்தான் கேட்டார். அந்தச் சாதாரணம்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

நான் வந்தேன். முதல்நாள் சாயங்காலம் தட்டுகளை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், ராத்திரி செய்தியில் மறுநாள் ஹர்த்தால் என்கிறார்கள். பஸ் கிடையாது, படகு கிடையாது. மற்ற நாள் தட்டுகளையெல்லாம் பதினாறு மணி நேரத்தில் பார்த்திருக்கிறேன். இதை மட்டும் நாற்பது மணி நேரம் விட்டால் அது எந்தக் கணக்கில் சேரும்? என் நாத்தனார் புருஷன் ஔசேப்பைக் கெஞ்சி, அவர் வஞ்சிப் படகில் காயல் வழியாக வந்து, ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கிற கடவில் இறங்கி, என்னிடம் இருந்த சாவியால் பின்கதவைத் திறந்தேன். வாசலுக்கு நான் போகவே இல்லை. காவலாளி அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

இதையெல்லாம் சாரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். சொல்லும்போதே குரல் ஏறிவிட்டது, எனக்கு அது ஒரு வியாதி. அவர் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. டில்லிக்கு ஔசேப்பின் வஞ்சியையா அனுப்ப முடியும் என்று மட்டும் சொன்னார்.

என்னிடம் இருந்தது என் நோட்டுதான். தடித்த அட்டை, தைத்த முதுகு, பக்கத்துக்குப் பக்கம் அச்சடித்த எண். செய்கிற அன்றே, செய்கிற மேஜையிலேயே, மை பேனாவில் எழுதுவேன். தப்பானால் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது படிக்கிற மாதிரி, பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்தும் தேதியும். தராசு துப்புகிற சீட்டைக்கூட ஒட்டி, பாதி கையெழுத்து சீட்டிலும் பாதி பக்கத்திலும் விழுகிற மாதிரி போடுவேன். தேவையில்லாததையும் எழுதுவேன் என்பது மற்றவர்களின் புகார். பக்கத்து மேஜைக்காரி ரம்லத் அதற்கு வைத்திருந்த பெயர் ‘ஜெசிந்தாவின் தொடர்கதை’. ஒருமுறை அவள் தட்டின்மேல் தும்மிவிட்டாள். ‘ரம்லத் தும்மியதால் இரண்டாம் தட்டைக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன்’ என்று எழுதியதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தன் மூக்கு அரசாங்க ஆவணத்தில் ஏறிவிட்டதாம்.

மறுநாள் மத்தியானம் ஈப்பன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வெளியிலிருந்து ஒரு ஆளை விசாரிக்கப் போட்டிருக்கிறார்கள், மங்களூரிலிருந்து டாக்டர் மந்தாகினி காமத் வருகிறார், நோட்டை அவரிடம் கொடுக்க வேண்டும் என்றார். பிறகு கதவைச் சாத்தினார்.

“பதினஞ்சைப் பதினாறுன்னு ஆக்கிடேன். ஒரு எண்தானே. ஹர்த்தாலுக்கு மறுநாள் லேப் தெறந்திருந்தது, பதிவேட்டுல உன் பேரும் இருக்கு. ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கலாம்.”

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. ஐந்தின் வாலை உள்ளே சுழித்தால் ஆறு. அன்று எழுதிய அதே மைகூட மேஜை டிராயரில் இருக்கிறது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகளுக்குப் பத்தாம் வகுப்பு, வேலை போனால் என்ன செய்வேன் என்று எல்லாம் ஓடியது. ஆனால் அந்தப் பக்கத்தில் தேதி மட்டுமா இருக்கிறது? காலை ஏழு நாற்பதுக்குப் பின்கடவில் இறங்கியது இருக்கிறது. எட்டு பத்துக்குக் கரண்ட் போனது, ஜன்னல் பக்கம் தட்டைத் தூக்கிப் போய் நிறம் பார்த்தது, மூன்றாவது தட்டில் பச்சையா சிவப்பா என்று சந்தேகம் வந்து நிறுத்தி வைத்தது, ஒன்பது ஐந்துக்கு விளக்கு வந்தபின் முடித்தது எல்லாம் இருக்கிறது. ஒரு எண்ணைத் திருத்தினால் இத்தனை வரியும் பொய் ஆகிவிடும். மூடிவிட்டேன்.

சாரிடம் போய், “சாரே, என் நோட்டுல நான் கை வைக்க மாட்டேன். போறது போகட்டும்” என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, உன் இஷ்டம், ஆனால் எண்கள் உன்னுடையவை, நான் கையெழுத்துதான் போட்டேன் என்றார். அப்போது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ரம்லத்திடம் கொட்டித் தீர்த்தேன். அவள் எனக்காகச் சாரைத் திட்டி, தன் டப்பாவிலிருந்து நேந்திரம்பழத்தில் செய்த உன்னக்காய் இரண்டை எடுத்து என் கையில் திணித்தாள்.

காமத் மேடம் வந்தது புதன்கிழமை. அறுபதை ஒட்டிய வயது, ஒல்லி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, மலையாளத்தை மங்களூர் மீன்குழம்பில் தோய்த்த மாதிரி ஒரு பேச்சு. எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்து வேலை எப்படி நடக்கும் என்று சொன்னார். அறிக்கையை அவர் இன்னும் படிக்கவில்லை, படிக்கவும் போவதில்லை. நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு அறையில் உட்காருவார். அதிலிருந்தே அறிக்கையின் அட்டவணையைத் தானே புதிதாகப் போடுவார். போட்டு முடித்தபின் அறிக்கையைப் பிரித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

“நடுவுல ஒரு சந்தேகம் வந்தா உங்கள்ட்ட கேக்க மாட்டேன். நீங்களும் வந்து வெளக்கம் சொல்லக் கூடாது. நாளைக்கு நீங்க பஸ்ஸுல அடிபட்டுப் போயிட்டா இந்த நோட்டு தனியாப் பேசணும். பேசுதான்னு பாக்கறேன்.”

எனக்கு வாய் நமநமவென்றது. பதினோரு வருஷமாக யாராவது கேட்டால் போதும் என்று காத்திருந்து விளக்கம் சொல்கிறவள் நான். வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்ட மாதிரி இரண்டு நாள் திரிந்தேன். அறைக் கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் வேண்டாத வேலையெல்லாம் செய்தேன், கழுவின குடுவையையே திரும்பக் கழுவினேன். உள்ளே பக்கம் புரட்டுகிற சத்தமும், கால்குலேட்டர் தட்டுகிற சத்தமும் கேட்கும். முதல் நாள் சாயங்காலம் ஒருமுறை மேடம் வெளியே வந்து குளிர் அறையைக் கவனிக்கிற ஊழியரிடம் ஏதோ கேட்டு, அவரோடு போனார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்து போனார். அன்று வீட்டில் கறிக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் மூன்று மணிக்கு ரம்லத் ஓடி வந்தாள். அறைக்கு டீ கொண்டுபோன இடத்தில் மேடம் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறாள். “சேச்சி, சேரலையாம். ஒண்ணுகூடச் சேரலைன்னு சொன்னாங்க” என்றாள். 

நான்கு மணிக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் ஒரு பக்கம் எங்கள் அச்சடித்த அறிக்கை, மறுபக்கம் மேடத்தின் கையெழுத்தில் ஏழெட்டுத் தாள், நடுவில் என் நோட்டு. எங்கள் இயக்குநரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. 

தொடக்க நாளும், இரண்டாம் நாளும், நான்காம் நாளும் புள்ளிக்குப் பின்னால் வருகிற எண் வரை சேருகின்றன என்று மேடம் ஆரம்பித்தார். ஆறாம் நாளிலிருந்து ஒரு எண்கூடச் சேரவில்லை. அறிக்கை பதினாறு புள்ளி எட்டு என்கிறது, அவருக்கு இருபத்தொன்று வருகிறது. அறிக்கை பன்னிரண்டாம் நாளுக்கு இருபத்தொன்பது புள்ளி நான்கு என்கிறது, அவருக்கு முப்பத்தாறு புள்ளி எட்டு.

ஈப்பன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். 

“ஒரு விஷயம் வேடிக்கையா இருந்தது” என்றார் மேடம். “ஆறாம் நாள்லேர்ந்து உங்க ஒவ்வொரு எண்ணையும் ஒண்ணேகாலால பெருக்கினா என் எண் வருது. நாலு எண்ணுக்கும் அதே ஒண்ணேகால். பொய் எழுதறவனுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது. அதான் பின்னாடி போய்த் தேடினேன்.”

நோட்டை என் பக்கம் திருப்பி, நாற்பத்தேழாம் பக்கத்தில் விரலை வைத்தார். நவம்பர் பதினான்கு. என் எழுத்து. ‘பழைய அமிலம் தீர்ந்தது. புதிது தயார் செய்தேன். 250 மில்லி குடுவையின் கழுத்தில் விரிசல், 200 மில்லி குடுவையில் கலக்கினேன். தாய் அமிலம் 25 மில்லி. சோடியம் கார்பனேட்டால் மூன்று முறை சரிபார்த்தேன். வலு 0.0125. பாட்டிலில் எழுதி ஒட்டினேன்.’

250 மில்லியில் கலக்கிய பழைய பாட்டிலின் வலு 0.0100.  மேடம் மேலே ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் கணக்குத் தாள் ஒன்று வைத்திருந்தேன். அதில் அமிலத்தின் வலுவுக்கு ஒரே ஒரு கட்டம். முதல் நாள் 0.0100 என்று போட்டேன். புது பாட்டிலுக்கு மாறியபின் அந்தக் கட்டத்தை நான் தொடவே இல்லை. நோட்டில் அத்தனையும் எழுதினவள், கம்ப்யூட்டரில் எழுதவில்லை. சொட்டுகளை மட்டும் ஏற்றினேன், அதுவே பெருக்கிக்கொண்டது. வலுவான அமிலம் என்பதால் சொட்டு குறைவாகத்தான் செலவானது. குறைந்த சொட்டைப் பழைய வலுவால் பெருக்கினால் எண் விழாமல் என்ன செய்யும்?

இத்தனை நாளும் யாரை யாரையோ திட்டினேனே. சாரைத் திட்டினேன், டில்லியைத் திட்டினேன், ஹர்த்தால் நடத்தினவர்களைத் திட்டினேன்.

“தப்பு என்னோடது மேடம்” என்றேன். “தாள்ல அந்தக் கட்டத்தை மாத்த மறந்துட்டேன். நான்தான் ஏத்தினேன், வேற யாரும் இல்ல.”

“அது எனக்கும் தெரிஞ்சுபோச்சு” என்று சொல்லிவிட்டு மேடம் ஒரு தாளை எடுத்து நீட்டினார். பென்சிலால் போட்ட வரைபடம். தொடக்க நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரை கோடு ஒரே சீராக மேலே ஏறிப் போயிருந்தது. ஆறாம் நாளில் பள்ளம் இல்லை. டில்லிக்காரர் கேட்ட கேள்வியே அந்தக் கோட்டில் காணாமல் போயிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மீன் ஒழுங்காகத்தான் கெட்டுப்போயிருக்கிறது, நான்கு மாதமாக என் தாள்தான் கெட்டுக் கிடந்திருக்கிறது.

அப்புறம் ஹர்த்தாலுக்கு வந்தார். குளிர் அறையின் சுவரில் வட்டமான காகிதம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், அதன்மேல் ஒரு முள் உள்ளே இருக்கிற வெப்பத்தைக் கோடாக இழுத்துக்கொண்டு போகும். வாரத்துக்கு ஒரு காகிதம், தேதி போட்டு அடுக்கி வைத்திருப்பார்கள். நவம்பர் நடுவாரத்துக் காகிதத்தை மேடம் எடுத்து நோட்டின்மேல் வைத்தார். பதினைந்தாம் தேதி காலை எட்டே காலை ஒட்டிக் கோடு மெல்ல மேலே ஏறுகிறது, ஒன்பது மணி கடந்ததும் இறங்குகிறது. ஹர்த்தால் என்பதால் ஜெனரேட்டர்காரர் வரவில்லை. கரண்ட் போனதும் வந்ததும் அந்த முள்ளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

“வீட்ல இருந்தவங்களுக்கு இந்த ஆய்வகத்துல கரண்ட் எட்டு பத்துக்குப் போச்சுன்னு எப்படித் தெரியும்? ஜன்னல் வெளிச்சத்துல மூணாவது தட்டு சந்தேகமா இருந்ததுன்னு உக்காந்து கதை கட்டுவாங்களா? கட்டறவங்க மூணும் நல்லா வந்துச்சுன்னு எழுதுவாங்க.” மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “இந்த மாதிரி பதினோரு விசாரணைல உக்காந்திருக்கேன். நோட்டும் அறிக்கையும் கண்ணாடி மாதிரி ஒத்துப்போனப்பல்லாம்தான் எனக்குச் சந்தேகம் வரும். அறிக்கையைப் பாத்து எழுதின நோட்டு அது. இந்த நோட்டு அறிக்கையோட சண்டை போடுது. இதை முன்னாடியே எழுதியிருக்காங்க.”

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. பொய்க்காரி இல்லை என்று இன்னொருத்தர் வாயால் கேட்க இவ்வளவு ஏங்கிப்போயிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஆனால் மேடம் என்னைக் கொஞ்சவும் இல்லை. அறிக்கை தப்பு, அதில் மாற்றுக் கருத்து கிடையாது என்றார். எட்டாம் நாள் இருபத்தாறு புள்ளி மூன்று, பத்தாம் நாள் முப்பத்தொன்று புள்ளி ஐந்து. பன்னிரண்டு நாள் என்று படகுக்காரர்களுக்குச் சொல்வதற்கு இல்லை, எட்டு நாள்தான். இது வெளியே போயிருந்தால் அந்த நாலு நாளில் கெட்ட மீனை யாரோ வாங்கித் தின்றிருப்பார்கள். படகுக்காரர்கள் கைக்குப் போகிற முன் பிடிபட்டது நம் அதிர்ஷ்டம். பழைய அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும், ஏன் பெற்றோம் என்பதையும் சேர்த்துப் புதியதை எழுத வேண்டும். வேண்டுமென்று செய்த குற்றம் எதுவும் இல்லை, கணக்கில் ஒரு பிழை, பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது பிழை செய்தவரின் நோட்டேதான் என்று எழுதப் போவதாகவும் சொன்னார். ஓரத்தில் இருந்த இயக்குநர் அதற்குத் தலையை அசைத்தார். என் ஏப்ரல் பிறந்துவிட்டது என்று அந்த அசைவில் புரிந்துகொண்டேன்.

கடைசியாக மேடம் ஈப்பன் சார் பக்கம் திரும்பினார். நாற்பத்தேழாம் பக்கத்தின் அடியில் இன்னொரு கையெழுத்து இருந்தது. எங்கள் விதிப்படி, எழுதினவரைத் தவிர இன்னொருவர் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அச்சடித்தே இருக்கும், ‘படித்தேன், புரிந்துகொண்டேன்’ என்று. சார் அந்த வேலையைச் சனிக்கிழமை மத்தியானம் வைத்துக்கொள்வார். வாரம் முழுவதையும் வரிசையாகப் புரட்டி, ஒரு பேனா வீச்சில் முடித்துவிடுவார்.

“அமிலத்தோட வலு மாறினது இதுல இருக்கு. நவம்பர் பதினாறாம் தேதி நீங்க படிச்சிருக்கீங்க” என்றார் மேடம், கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே. கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.  ஈப்பன் சாரின் காது மடல் இரண்டும் சிவந்து போயிற்று. எனக்கு அந்த நேரம் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் முழுசாக இல்லை.

புது அறிக்கையை நான் மூன்று நாளில் எழுதினேன். கணக்குத் தாளை அழித்துவிட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் அதன் பாட்டிலின் வலுவைத் தனிக் கட்டத்தில் போட்டேன். நோட்டின் பக்க எண்ணையும் எதிரே எழுதினேன். ரம்லத் வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து வரிக்கு வரி சரிபார்த்துக் கொடுத்தாள். தன்னுடைய தும்மலும் அடிக்குறிப்பாக ஏறியிருக்கிறதா என்று கேட்டாள். ஏறியிருக்கிறது என்றேன்.

அறிக்கையைக் கையெழுத்துக்காகச் சார் மேஜையில் வைத்தபோது அவர் அதைத் தொடவில்லை.

“இது சரியா இருக்கும்னு உனக்கு உறுதிதானே?”

“என்னைக் கேக்காதீங்க சாரே” என்றேன். முரட்டுத்தனமாகச் சொல்லவில்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை. “நோட்டு தர்றேன். அந்த அம்மா போட்ட மாதிரி நீங்களே போட்டுப் பாருங்க. சேந்தா கையெழுத்துப் போடுங்க.”

திட்டுவார் என்று நினைத்தேன். நோட்டை வாங்கிக்கொண்டார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, கால்குலேட்டரை எடுத்தார். இரண்டு மணிக்கு உட்கார்ந்தவர் மூன்றரைக்கு ஒருமுறை தலையைத் தூக்கி, மீன் சாறு விடாத இந்த வெற்றுத் தட்டின் அளவை எதில் கழிக்கிறாய் என்று ஆரம்பித்தார். நான் பதில் சொல்லவில்லை. அவரே சிரமப்பட்டு இரண்டு பக்கம் பின்னால் புரட்டி, இங்க இருக்கு, இங்க இருக்கு என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவரும் இப்படி மேஜையில் வேலை பார்த்த ஆள்தான் என்பது அவர் கை பென்சிலைப் பிடித்த விதத்தில் தெரிந்தது.

ஐந்தரை மணிக்கு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். எல்லாம் சேர்ந்துவிட்டது என்றார். நான் நோட்டுக்காகக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து, நவம்பரில் போட்ட தன் கையெழுத்துக்குக் கீழே, மிச்சமிருந்த ஒரு விரல் இடத்தில் மை பேனாவால் மெதுவாக எழுதினார். எழுதி முடித்து, மை உலரட்டும் என்று சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

படித்துப் பார்த்தேன். ‘மார்ச் 19. இந்தப் பக்கத்தை இன்றுதான் படித்தேன். ஈப்பன்.’